பெருநாள் வாடைக்குள் போகிறது. நாம் இன்னும் ஜூன் மாதக் கடலை நம்பிக்கொண்டிருக்கிறோம்



கொஞ்சம் நீளமான பதிவு. பெருநாளைக்குக் கடற்கரைக்குப் போகிற குடும்பம் என்றால் கடைசி வரை வாசியுங்கள். வாசித்து முடித்ததும் எங்களைத் திட்டினாலும் பரவாயில்லை.

நம் பக்கத்தில் ஒரு பிள்ளையைக் கடல் கொண்டுபோனால் மூன்று வசனங்கள் உடனே வரும். ஒன்று, "கடல் காவு எடுத்திட்டு." இரண்டு, "அவன்ட கத்ர் அப்படி." மூன்று, "தண்ணியில மௌத்தானவன் ஷஹீத், கவலப்படாதீங்க." மூன்றாவது வசனத்தில் பிழை இல்லை. நீரில் மூழ்கி மௌத்தாவோருக்கு ஷஹீதின் கூலி உண்டு என்று ஹதீஸில் வந்திருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த உம்மாவுக்குச் சொல்ல அதைவிட நல்ல ஆறுதல் நம்மிடம் இல்லை. ஆனால் அந்த ஆறுதலை நாம் உம்மாவுக்கு மட்டுமா சொல்கிறோம்? வேனை ஒழுங்கு செய்தவருக்கும், பிள்ளைகளை இறக்கிவிட்டு கோழிக்கறிச் சட்டிக்குக் காவல் இருந்தவருக்கும், சிவப்புக் கொடியைப் பார்த்துச் சிரித்தவருக்கும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபியின் உம்மத், ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு அது தொலைந்த பிறகு தவக்குல் பேசுகிறது. இந்தப் பதிவு அதற்கு எதிரானது.

முதலில் ஒரு கணக்கு. எட்டாம் ஆண்டுப் பிள்ளைக்கும் விளங்கும்.

நோன்புப் பெருநாள் வருடத்துக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்கிறது. 2015இல் அது ஜூலை நடுப்பகுதியில் வந்தது. 2018இல் ஜூன் நடுப்பகுதி. 2020இல் மே கடைசி. அந்த மாதங்களில் மட்டக்களப்புக் கடல் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கச்சான் தரையிலிருந்து அடிக்கும், அலை அமுங்கிக் கிடக்கும், கல்லடியில் நின்றால் கடல் குளம் போல் தெரியும். பெருநாளைக்குக் குடும்பத்தோடு கடலில் குளிக்கிற பழக்கம் அந்த வருடங்களில்தான் நம்மிடம் பரவலாகியது. வேன் வாடகைக்கு எடுத்து, சஹன் சோறு கட்டிக்கொண்டு போகிற பழக்கம். இன்று பதினைந்து பதினாறு வயதில் இருக்கும் நம் பிள்ளைகளின் ஞாபகத்தில் பெருநாள் கடல் என்றால் அமைதியான கடல்.

2025இல் பெருநாள் மார்ச் 31. 2028இல் பெப்ரவரி கடைசிக்கு வந்துவிடும். 2030இல் பெப்ரவரி தொடக்கம், 2031இல் ஜனவரி பிற்பகுதி. 2033இல் ஜனவரி தொடக்கத்தில் ஒரு நோன்புப் பெருநாள், டிசம்பர் கடைசிப் பகுதியில் இன்னொரு நோன்புப் பெருநாள். அது நடு வாடைக்காலம். மழையும், வடகீழ்க் காற்றும், கரையை அறுக்கிற அலையும் உள்ள காலம். பெருநாள் மாறவில்லை, கடற்கரை மாறவில்லை, நம் பழக்கமும் மாறவில்லை. கடல் மட்டும் மாறிவிடும். அடுத்த பத்து வருடத்தில் நாம் ஒவ்வொரு பெருநாளைக்கும் முந்தியதைவிடக் கொஞ்சம் முரட்டுக் கடலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகப் போகிறோம். இதை ஜும்ஆவில் யாராவது சொல்லக் கேட்டீர்களா? நாங்கள் கேட்கவில்லை.

இனி அந்தக் கடல் பிள்ளையை எப்படிக் கொண்டுபோகிறது என்று பார்ப்போம். காவு என்று எதுவும் இல்லை.

கல்லடியிலிருந்து காத்தான்குடி தாண்டித் தெற்கே போகிற கரை நேரானது, மணல் கரை, முன்னால் திறந்த கடல். அலை வந்து உடைகிற இடத்தில் தண்ணீருக்கு அடியில் கரைக்கு இணையாக ஒரு மணல் திட்டு இருக்கும். அலைகள் அந்தத் திட்டில் உடைந்து தண்ணீரைக் கரைப்பக்கம் கொட்டிக்கொண்டே இருக்கும். கொட்டிய தண்ணீர் திரும்பிப் போக வேண்டும். திட்டில் எங்காவது ஒரு பள்ளம், ஒரு வாய்க்கால் இருந்தால், அக்கம்பக்கத்துத் தண்ணீரெல்லாம் அந்த வழியால் பாய்ந்து கடலுக்குள் திரும்பும். அதுதான் ரிப் கரண்ட். தமிழில் இழுப்பு நீரோட்டம் என்று சொல்லலாம்.

இதில் மூன்று விஷயத்தை நாம் பிழையாக விளங்கி வைத்திருக்கிறோம்.

முதலாவது, அது சுழி இல்லை, ஆளைக் கீழே இழுக்காது. நீரின் மேற்பரப்போடு சேர்த்துக் கடல் பக்கம் கொண்டுபோகும், அவ்வளவுதான். ஆளை மூழ்கடிப்பது நீரோட்டமல்ல, அதோடு சண்டை பிடித்துக் களைத்துப்போவதுதான்.

இரண்டாவது, வேகம். சாதாரண இழுப்பு ஒரு நொடிக்கு அரை மீட்டர் அளவில் ஓடும். பலமானது நொடிக்கு 2 மீட்டரையும் தாண்டும். உலகத்தின் மிக வேகமான நீச்சல் வீரர்கள் 50 மீட்டரை நீந்துவது நொடிக்கு 2.4 மீட்டர் அளவில். அதற்குமேல் மனிதனால் முடியாது. ஆகவே கரையை நோக்கி எதிர்த்து நீந்துவது பலமான ஆளுக்கும் ஆகாத காரியம். சாதாரண இழுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு அரை மீட்டர் என்றால் ஒரு நிமிடத்துக்கு 30 மீட்டர். சின்னவனின் கண்ணில் பட்ட மணலைக் கழுவிவிட்டு உம்மா நிமிரும்போது பெரியவன் 30 மீட்டர் தள்ளி நிற்கிறான். இல்லை, நிற்கவில்லை. அவன் காலுக்குத் தரை எட்டாது.

மூன்றாவதுதான் ஆகப் பொல்லாதது. இழுப்பு ஓடுகிற இடம் பார்வைக்கு அமைதியாக இருக்கும். வாய்க்கால் ஆழம் என்பதால் அங்கே அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை அடிக்க, நடுவில் ஒரு பாதை போல் கருமையாக, நுரையில்லாமல் கிடக்கும். பிள்ளைகளுக்கு நல்ல இடம் தேடுகிற பாசமுள்ள தாய் தகப்பன் எதைத் தெரிவார்கள்? அதைத்தான்.

2025 நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் நாங்கள் சில ஆசிரியர் குடும்பங்கள் சேர்ந்து போனோம். எந்த இடம் என்று எழுதவில்லை, அந்தக் கரைக்காரரைக் குறை சொல்ல எதுவும் இல்லை, குறை எங்களுடையது. அலை பெரிதில்லை. பிள்ளைகளை நாங்களே "இங்க அலை அடிக்கல, இதுக்குள்ள குளிங்க" என்று சொல்லி இறக்கினோம். இடுப்பளவு தண்ணீர். பத்து நிமிடம் போயிருக்கும். எட்டாம் வகுப்புப் படிக்கிற மகன் ஒருவன் கையைக் காட்டுவது தெரிந்தது. விளையாடுகிறான் என்று நினைத்தோம், பதிலுக்கு நாங்களும் கையைக் காட்டினோம். இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது. பிறகுதான் அவன் நின்ற இடத்துக்கும் அவனுக்கும் உள்ள தூரம் கண்ணில் பட்டது. அவனுடைய மாமா சாரத்தோடு பாய்ந்தார். நேராகக் கரைக்கு இழுத்துவரப் பார்த்தார். இரண்டு நிமிடத்தில் காப்பாற்றப்பட வேண்டியவர் இருவர் ஆகிவிட்டார்கள்.

கரைவலைத் தோணியடியில் இருந்த ஒரு காக்கா வந்தார். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார். மூடி இறுக்கிய இருபது லீட்டர் வெறுங் கான் ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்தக் கருமையான பாதைக்குள்ளேயே இறங்கினார். நீந்தவில்லை, கானைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். இழுப்பே அவரைப் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. இரண்டு பேரையும் கானைப் பிடிக்க வைத்தார். அலை உடைகிற கோட்டைத் தாண்டியதும் இழுப்பு தளர்ந்தது. அங்கிருந்து தெற்கே, கரைக்கு இணையாக, கொஞ்சத் தூரம் உதைத்துப் போய், நுரை அடிக்கிற இடத்தால் அலையோடு அலையாக வந்து சேர்ந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

அவர் எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி: "சேர், வெள்ளையடிக்கிற இடத்தில குளிக்காம, ஏன் வெட்டுக்குள்ள இறக்கினீங்க?" அவருக்குத் தெரிந்தது பட்டதாரி ஆசிரியர்களான எங்களுக்குத் தெரியவில்லை. நம் கரைவலைக்காரருக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காமல் வலை வளைக்க முடியாது. அவர்களிடம் ஐந்து நிமிடம் பேச நமக்குக் கௌரவம் இடம் கொடுப்பதில்லை.

"எங்களுக்கு நீந்தத் தெரியும், இடுப்பளவுக்குத்தான் போவோம்" என்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. 1938 பெப்ரவரி 6, ஞாயிற்றுக்கிழமை, அவுஸ்திரேலியாவின் சிட்னியில் பொண்டை கடற்கரை. நல்ல வெயில், பெருங்கூட்டம். நிறையப் பேர் மணல் திட்டின்மேல், காலுக்குத் தரை எட்டுகிற ஆழத்தில்தான் நின்றார்கள். அடுத்தடுத்து மூன்று பெரிய அலைகள் வந்தன. வந்த தண்ணீர் திரும்பும்போது திட்டில் நின்ற சனத்தை ஆழத்துக்குள் அள்ளிக்கொண்டு போனது. 250 பேர் அளவில் மீட்க வேண்டியிருந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். இவ்வளவு பேரில் ஐந்து பேரோடு நின்றதற்குக் காரணம், அந்த நேரம் கரையில் பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர்கள் எழுபது பேருக்கு மேல் இருந்தார்கள். பெருநாளன்று நம் கரையில் அத்தனை சனம் இருக்கும். எத்தனை உயிர்காப்பாளர் இருப்பார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனிக் கொடி.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் கேட்டோம்: கடற்கரையில் மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமாக இரண்டு கொடி நட்டிருக்கிறது, நீங்கள் எங்கே குளிப்பீர்கள்? வகுப்பில் பாதிக்கு மேல் சொன்ன பதில், "கொடியிலிருந்து தூரப்போய்." சிவப்பு என்றால் ஆபத்து என்று சிக்னல் லைட்டிலிருந்து படித்திருக்கிறார்கள். சரியான பதில் நேர் எதிர். சிவப்பு மஞ்சள் கொடி இரண்டுக்கும் நடுவில்தான் குளிக்க வேண்டும். உயிர்காப்பாளர் கடலைப் பார்த்து, இழுப்பு இல்லாத இடத்தைத் தெரிந்து, அந்த இடைவெளியைத்தான் கண் வைத்துக் காக்கிறார். தனி மஞ்சள் என்றால் கவனம், நீந்தத் தெரியாதவர் இறங்க வேண்டாம். தனிச் சிவப்பு என்றால் இறங்காதே. இரட்டைச் சிவப்பு என்றால் கடல் மூடப்பட்டது, பேச்சே இல்லை.

கொடியே இல்லை என்றால்? நம் ஆட்கள் "கொடி இல்ல, அப்ப பிரச்சினை இல்ல" என்கிறார்கள். கொடி இல்லை என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். நம் கரைகளில் பெரும்பாலும் நிலைமை அதுதான். அதேபோல் உயிர்காப்பாளர் வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகு மணலில் மறந்து கிடக்கிற கொடிக்கும் அர்த்தம் இல்லை. அசருக்குப் பிறகு கிளம்பி, வெயில் சாய்ந்து, மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரை தண்ணீரில் கிடக்கிற நம் வழக்கத்தை இதோடு சேர்த்து யோசியுங்கள்.

அடுத்தது பெண்கள் விஷயம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். நம் வீட்டுப் பெண்கள் ஆண்கள் கூட்டத்தில் குளிக்க மாட்டார்கள். நல்லது. ஆகவே என்ன செய்கிறோம்? அவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் ஆள் நடமாட்டம் இல்லாத மூலைக்கு அனுப்புகிறோம். அதாவது உயிர்காப்பாளரின் கண்ணுக்கும், நீந்தத் தெரிந்த ஆண்களின் கண்ணுக்கும் அப்பால். நீச்சல் பழக்காத பெண்ணை, நனைந்தால் பாரமாகிக் காலைச் சுற்றுகிற அபாயாவோடு, கையில் ஒரு பிள்ளையோடு, ஆகப் பாதுகாப்புக் குறைந்த இடத்துக்கு அனுப்பிவிட்டு, பேணுதல் காத்தோம் என்று திருப்திப்படுகிறோம். ஹயா வேண்டும். அதற்கு வழி பெண்களை மறைவிடத்துக்கு அனுப்புவது அல்ல, கொடிகளுக்கு நடுவில் அவர்களுக்கென்று ஒரு நேரத்தை ஒதுக்குவது. பெருநாள் மைதானத்தில் பெண்களுக்குத் திரை கட்டித் தனி வழி செய்யத் தெரிந்த நிர்வாகங்களுக்கு, காலை ஒரு மணித்தியாலத்தைக் கடற்கரையில் ஒதுக்கத் தெரியாதா?

எந்தக் கரைக்குப் போவது என்றும் கேட்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம்.

சிறுபிள்ளைகளோடு குளிக்கத்தான் வேண்டும் என்றால் பாசிக்குடா. மட்டக்களப்பிலிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீட்டர். குடாவின் வளைவும் முன்னால் உள்ள முருகைக்கல்லும் அலையை வாங்கிக்கொள்ளும், தண்ணீர் வெகு தூரம் வரை ஆழமில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நம்பலாம். அங்கேயும் பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். காற்றடித்த டியூப்பில் ஏற்றி விடாதீர்கள், கச்சான் அதைக் கடல் பக்கம்தான் தள்ளும். பாசிக்குடாவைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உள்ள கல்குடாவும் அப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். அது திறந்த கடலுக்கு அதிகம் முகம் கொடுக்கிற கரை.

கல்லடி, காத்தான்குடி, பாலமுனைப் பக்கத்துக் கரைகளில் வாடைக்காலத்தில் குளிப்பது வேண்டாம். நவம்பர் முதல் பெப்ரவரி முடியும் வரை அங்கே மணலில் இருந்து சாப்பிடுங்கள், பந்தடியுங்கள், தண்ணீரில் இறங்காதீர்கள். மற்ற மாதங்களில் இறங்குவதென்றால், முதலில் பிள்ளைகளை வேனுக்குள் வைத்துவிட்டு, உயரமான மணல்மேட்டில் நின்று பத்து நிமிடம் கடலைப் பாருங்கள். நுரையில்லாத கருமையான பாதை எங்கே, கலங்கிய தண்ணீரும் குப்பையும் எந்த இடத்தால் கடலுக்குள் போகின்றன என்று பாருங்கள். அலை கூட்டம் கூட்டமாக வருவதால் ஒரு நிமிடப் பார்வை போதாது.

முகத்துவாரத்தில் எந்த மாதமும் குளிக்க வேண்டாம். 56 கிலோமீட்டர் நீளமான வாவி பாலமீன்மடுவில் கடலோடு சேர்கிறது. மழைக்காலத்தில் வாவி நிரம்பி மணல்மேடு உடையும், அல்லது வெள்ளத்துக்காக வெட்டிவிடுவார்கள். அப்போது வாவித் தண்ணீர் முழுவதும் அந்த ஒரு வாயால் பாயும். இது அலையால் உண்டாகிற இழுப்பு அல்ல, ஆறு. வெள்ளம் வடிந்து அமைதியான பிறகும் வெட்டிய இடத்தில் பள்ளம் கிடக்கும், ஒரு அடி வைத்தால் முழங்கால், அடுத்த அடி வைத்தால் தலைக்கு மேல். தெற்கே கல்லாற்றுப் பக்கத்து வாய்க்கும் இதே கதைதான்.

அகப்பட்டால் செய்ய வேண்டியதைப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக்கொடுங்கள்: எதிர்த்து நீந்தாதே, மல்லாந்து மித, ஒரு கையை உயர்த்திக் கத்து. இழுப்பு ஓரிடத்தில் தளரும், சில வேளை சுற்றிக் கரைப்பக்கமே கொண்டுவரும். தெம்பிருந்தால் கரைக்கு இணையாக நுரை அடிக்கிற பக்கம் நீந்து. கரையில் நிற்பவர்களுக்கு: வெறுங்கையோடு பாயாதீர்கள். மூடி இறுக்கிய கான், பெரிய தண்ணீர்ப் போத்தல், ரெஜிபோம் பெட்டி, எது மிதக்குமோ அதை எறியுங்கள். ஒருவர் பிள்ளையிடமிருந்து கண்ணை எடுக்காமல் விரலால் காட்டிக்கொண்டே நிற்க வேண்டும். மிதப்புப் பொருள் இல்லாமல் இறங்குகிற வாப்பாவும் மாமாவும்தான் இரண்டாவது ஜனாஸா.

2004 டிசம்பர் 26 நமக்கு ஒரு பாடம் படிப்பித்தது. சுனாமிக்கு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று இன்று நம் பாடசாலைகளில் ஒத்திகை நடக்கிறது, கரையில் எச்சரிக்கைக் கோபுரம் நிற்கிறது. அது வேண்டியதுதான். ஆனால் இழுப்பு நீரோட்டம் தினமும் அதே கரையில் ஓடுகிறது. அதற்கு ஒரு பாடவேளை இல்லை, ஒரு பலகை இல்லை.

நாங்கள் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. பள்ளிவாசல் நிர்வாகங்களிடம்: பெருநாள் குத்பா முடிந்ததும், ஸலாம் கொடுத்துக் கட்டியணைக்கும் முன், கடலைப் பற்றி இரண்டு நிமிட அறிவித்தல். அதிபர்மாரிடமும் மத்ரஸா உஸ்தாத்மாரிடமும்: வாடையில் கடல் சுற்றுலாவுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். உள்ளூராட்சி சபைகளிடம்: பெருநாளும் அடுத்த இரண்டு நாளும், சனம் கூடுகிற ஒவ்வொரு கரையிலும் கொடியும், பயிற்சி பெற்ற இருவரும். கரைவலைக்காரப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துச் சம்பளம் கொடுங்கள். வாணவேடிக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் சேர்க்கிற காசில் ஒரு பங்கு போதும்.

இதெல்லாம் செய்த பிறகும் ஒரு பிள்ளை போனால், அப்போது கத்ர் என்று சொல்வோம், சேர்ந்து அழுவோம். அதற்கு முன்னால் அந்தச் சொல்லை எடுக்க நமக்கு உரிமை இல்லை.

வஸ்ஸலாம். உங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுமத்தில் போட்டுவிடுங்கள், வேனுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்.